மூன்றாவது குரல் நுழைந்ததும் குழம்புகிறதா? ரவுண்டு பாட்டைச் சரிசெய்யும் வழிகள்

ஒருவர் பாடத் தொடங்குவார். அவர் முதல் வரியை முடித்து இரண்டாவது வரிக்குப் போகும்போது இன்னொருவர் அதே மெட்டை முதலிலிருந்து எடுப்பார். அடுத்து மூன்றாமவர். கடைசி வரி முடிந்தவர் மறுபடி முதல் வரிக்கே போவார். இதுதான் ரவுண்டு. பாடக் கற்பது சுலபம், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே மெட்டுதான். எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. தனியாகப் பாடும்போது இனிக்கிற மெட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறியதும் இரைச்சலாகிவிடும்.

இந்தக் குறிப்பு மூன்று வரி, மூன்று குரல், வரிக்கு 8 எண்ணிக்கை கொண்ட சின்ன ரவுண்டைப் பற்றியது. நாலு குரலுக்கும் ஐந்து குரலுக்கும் கணக்கு இதேதான், வேலைதான் கூடும். ஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், அதாவது மேஜர் ஸ்கேல். பழுது பார்க்க ஒரு பாட்டு வேண்டுமே, அதனால் வேண்டுமென்றே பழுதுகளோடு எழுதிய வரைவு ஒன்று:

வரி 1: விடியலே வா
ஸ (2) ஸ ஸ நி (2) ஸ (2)

வரி 2: கூவும் குயில் குரல் கேள்
க க ப ப ம ம க (2)

வரி 3: இலை நுனி மின்னுது மின்னுது பார்
பபபப | த தத | ப பப | ப (2)

அடைப்பில் 2 என்றால் அந்த ஸ்வரம் இரண்டு எண்ணிக்கை நீளும். ஒட்டி எழுதியவை அரை எண்ணிக்கை. முதல் வரியின் நி, ஆதார ஸ-வுக்குக் கீழே இருக்கிற நி. தனியாகப் பாடிப் பாருங்கள், குறை ஒன்றும் தெரியாது.

பழுதுகளுக்குப் போகுமுன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். மூன்று பேரும் நுழைந்துவிட்ட பிறகு, எந்த நேரத்திலும் ஒருவர் வரி 1, ஒருவர் வரி 2, ஒருவர் வரி 3 பாடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த 8 எண்ணிக்கையிலும் அதேதான், ஆள் மட்டும் மாறியிருக்கும். ஆக, நீளமான மெட்டு ஒன்றை எழுதுவதாக நினைக்காதீர்கள். 8 எண்ணிக்கை நீளத்தில் மூன்று குரலுக்கான ஒரு சின்ன அடுக்கை எழுதுகிறீர்கள், அதை அவிழ்த்து வரிசையாகப் பாடினால் மெட்டு கிடைக்கிறது. கீழே வரும் பெரும்பாலான திருத்தங்கள் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகின்றன.

அறிகுறி: இரண்டு பேர் வரை நன்றாக இருக்கிறது, மூன்றாமவர் வந்ததும் இடிக்கிறது

அதிகம் வருவது இந்தப் பழுதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றே: இரண்டாவது வரியை எழுதும்போது முதல் வரியோடு ஒத்திகை பார்த்திருப்பீர்கள், மூன்றாவதை எழுதும்போதும் முதல் வரியோடுதான் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் மூன்றையும் ஒன்றுக்கொன்று சேர்த்துப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூன்று வரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக, எண்ணிக்கை நேராக வரும்படி தாளில் எழுதுங்கள். 1, 3, 5, 7 ஆகிய கனமான எண்ணிக்கைகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். நம் வரைவில் இப்படி வரும்:

எண் 1: ஸ, க, ப
எண் 3: ஸ, ப, த
எண் 5: நி, ம, ப
எண் 7: ஸ, க, ப

முதலும் கடைசியும் பழுதில்லை. எண் 3-ல் ப-வும் த-வும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் அழுத்தமாக ஒலிக்கின்றன. எண் 5-ல் ம-வும் ப-வும் அதே கதை. வரி 1-ஐயும் 2-ஐயும் மட்டும் பார்த்தால் ஸ–க, ஸ–ப, நி–ம, ஸ–க. இதில் நி–ம கொஞ்சம் இழுக்கும், ஆனால் உடனே ஸ–க என்று தீர்ந்துவிடும். இரண்டு பேர் வரை சரியாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

இனி எதை மாற்றுவது? காதுக்குத் தோன்றியபடி ஒரு ஸ்வரத்தைத் தட்டி மாற்றினால் பழுது இன்னொரு இடத்துக்கு நகரும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கனமான எண்ணிக்கைக்கும் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலித்தால் இனிக்கிற மூன்று ஸ்வரங்களின் கூட்டை, முடிவு செய்யுங்கள். எண் 3-ல் ஸ, த இருக்கின்றன. இவை இரண்டும் மதஸ என்ற கூட்டில் அடங்கும், அதில் விட்டுப்போனது ம. எண் 5-ல் நி, ப இருக்கின்றன. இவை பநிரி கூட்டைச் சேர்ந்தவை, விட்டுப்போனது ரி. அப்படியானால் குற்றவாளி இரண்டாவது வரி. க, ப, ம, க என்று போனதை க, ம, ரி, க என்று மாற்றுகிறோம். இப்போது நாலு இடங்களிலும் ஸகப, மதஸ, பநிரி, ஸகப என்று முழுக் கூட்டு வருகிறது. மெட்டாகவும் கெட்டுப்போகவில்லை. எனக்கு இது பழையதைவிடப் பிடித்திருக்கிறது.

எல்லா எண்ணிக்கையிலும் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. 2, 4, 6, 8 ஆகிய லேசான இடங்களிலும் அரை எண்ணிக்கைகளிலும் கூட்டுக்கு வெளியே உள்ள ஸ்வரம் வரலாம். அது பக்கத்து ஸ்வரத்திலிருந்து படியாக வந்து படியாகவே போக வேண்டும், அவ்வளவுதான். தாவி வந்து உட்கார்ந்தால்தான் காது எரிச்சலடையும்.

இன்னொன்று: கர்நாடக முறையில் பாடிப் பழகியவர்கள் பாடும்போது, தாளில் சரியாக இருக்கிற அடுக்கும் இடிக்கலாம். எழுத்தில் குற்றம் இருக்காது. ம-வையும் நி-யையும் அசைத்துப் பாடுவதுதான் காரணமாக இருக்கும். அந்த அசைவில் ஸ்வரம் பக்கத்து வீட்டைத் தொட்டுவிட்டு வருகிறது. மூன்று பேர் மூன்று விதமாக அசைத்தால் எந்தக் கூட்டும் நிற்காது. ரவுண்டில் கனமான எண்ணிக்கைகளை நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஸ்வரம் சேர்கிறது, வார்த்தை ஒன்றும் புரியவில்லை

மூன்று வரியிலும் எழுத்துகள் எந்த எண்ணிக்கையில் விழுகின்றன என்று பாருங்கள். வரைவில் 1, 3, 5, 7 என்று எல்லாக் கனமான இடத்திலும் மூன்று வரியும் ஒரே சமயம் புது எழுத்தைத் தொடங்குகின்றன. வி, கூ, இ மூன்றும் ஒன்றாக. லே, கு, மின் மூன்றும் ஒன்றாக. முடிவில் வா, கேள், பார் மூன்றும் ஒன்றாக. கேட்பவருக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாது.

மூன்று பேச்சையும் முழுதாகப் புரிய வைக்க முடியாது, அதற்கு ஆசைப்படவும் வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு முக்கியமான சொல்லுக்காவது தனி இடம் கிடைத்தால் போதும். காது மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும், ஏனென்றால் அந்த வரியைத் தனியாக ஏற்கனவே கேட்டிருக்கிறது. அதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும்.

முதல் வேலை, வரிகளுக்கு வேறுவேறு வேகம். ஒன்று நீட்டி நீட்டிப் போகட்டும், ஒன்று எண்ணிக்கைக்கு ஒரு எழுத்தாக நடக்கட்டும், ஒன்று அரை எண்ணிக்கையில் துள்ளட்டும். நம் வரைவில் இது ஓரளவு இருக்கிறது. மூன்றாவது வரிதான் மூச்சுவிடாமல் பேசுகிறது.

இரண்டாவது வேலை, மௌனம். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லா எண்ணிக்கையையும் நிரப்பிவிடுவார்கள். தனிப்பாட்டில் அது பரவாயில்லை. ரவுண்டில் ஒரு வரி வாயை மூடிக்கொள்ளும் இடத்தில்தான் இன்னொரு வரி கேட்கும்.

மூன்றாவது வரியில் ஒரு "மின்னுது"வை எடுத்துவிட்டு, முதல் எண்ணிக்கையைக் காலியாக விடுகிறேன். 2-ல் "இலை", 3-ல் "நுனி", 4 காலி, 5-ல் "மின்", 6-ல் "னுது", 7-ல் "பார்", 8 காலி. இரண்டாவது வரியில் "கேள்" என்பதை 7-லிருந்து 8-க்குத் தள்ளி, 7-ஐக் காலியாக விடுகிறேன். முதல் வரியின் "வா"வை 7-ல் மட்டும் பாடிவிட்டு 8-ல் மூச்சு வாங்கச் சொல்கிறேன்.

இப்போது 7-ல் "வா"வும் "பார்"உம் ஒன்றாக விழுகின்றன, இரண்டிலும் ஆகாரம், அதனால் சுத்தமாக ஒட்டுகின்றன. 8-ல் எல்லோரும் சும்மா இருக்க, "கேள்" மட்டும் தனியாக ஒலிக்கிறது. அடுத்த எண்ணிக்கையில் புதுக் குரல் முதல் வரியை எடுக்கிறது. மூன்று வரியையும் தாண்டி, "வா, பார், கேள்" என்று ஒரு நாலாவது வரி தானாக உருவாகியிருக்கிறது. ரவுண்டு எழுதுவதில் உள்ள உண்மையான ருசி இங்கேதான், என் கணக்கில் கார்டு சேர்வதைவிட இது பெரிது.

ஒரு எச்சரிக்கை. காலி இடங்களைப் பயந்து நிரப்பச் சொல்வார்கள் பாடுகிறவர்கள். "ஏதாவது ஒரு ஆ… போட்டுக்கலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: புதிதாக நுழைகிறவரின் குரல் கேட்கவே இல்லை

மேலே செய்த திருத்தத்திலேயே இதற்கும் பாதி மருந்து இருக்கிறது. நுழைகிறவர் வாய் திறக்கும் அந்தக் கணத்தில் மற்றவர்கள் சத்தமாக வேறு ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் அவர் மூழ்கிவிடுவார். மூன்றாவது வரி முதல் எண்ணிக்கையில் சும்மா இருப்பதால் நம் பாட்டில் இப்போது வழி கிடைத்துவிட்டது. இரண்டாவது வரி மட்டும் அப்போது "கூ" என்று தொடங்குகிறது. அது பரவாயில்லை, முதல் வரியின் எழுத்து இரண்டு எண்ணிக்கை நீள்வதால் "வும்" வருகிறபோதும் அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கும்.

முதல் வரியின் தொடக்கத்தை நெடிலாகவும், வல்லின மெய்யோடும் வையுங்கள். க, த, ப போன்றவை கூட்டத்துக்குள் வழி பிளந்துகொண்டு வரும். "வி" மென்மையாக நழுவிவிடும்.

அறிகுறி: சொல் மாறிக் கேட்கிறது

தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய பழுது இது. குறில் எழுத்தை இரண்டு எண்ணிக்கை நீட்டினால் அது நெடிலாகிவிடும். "விடு" என்பதன் முதல் எழுத்தை நீட்டினால் "வீடு". "படு" என்றால் "பாடு". தனிப்பாட்டில் முன்பின் பார்த்துக் காது திருத்திக்கொள்ளும். மற்ற இரண்டு வரிகளும் மேலே பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சலுகை கிடைக்காது.

வரைவின் முதல் வரியில் "விடியலே" என்ற சொல்லின் "வி" இரண்டு எண்ணிக்கை நீள்கிறது. கேட்பவருக்கு "வீடியலே" என்றுதான் விழும். மெட்டைத் திருத்துவதைவிடச் சொல்லைத் திருத்துவது லாபம். "காலையே வா" என்று மாற்றுகிறேன். கா, லை, யே, வா நாலும் நீளத் தாங்கும். முதல் மூன்றுக்கும் ஆளுக்கு இரண்டு எண்ணிக்கை, "வா" முன்பு சொன்னபடி 7-ல் மட்டும். தொடக்கத்தில் வல்லினமும் வந்துவிட்டது, முந்தைய அறிகுறிக்கும் சேர்த்து மருந்து. ஆதார ஸ-வில் "காலை" என்று இரண்டு எழுத்து ஒரே ஸ்வரத்தில் நிற்பதால் அலுப்பாக இருக்கும் என்று நினைக்கலாம். அடியில் நிற்கிற வரி கொஞ்சம் அசையாமல் இருப்பது மற்ற இரண்டுக்கும் நல்லது.

நீண்ட ஸ்வரத்தில் நெடில், துள்ளுகிற ஸ்வரத்தில் குறில். "இலை நுனி"யில் எழுத்துகள் சிறியவை, அரை எண்ணிக்கைக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகின்றன. மெய்யில் முடிகிற எழுத்தை, "கேள்", "ரல்" போன்றவற்றை, நீட்ட வேண்டுமானால் உயிரை நீட்டிவிட்டு மெய்யைக் கடைசியில் எல்லோரும் ஒன்றாகத் தொடச் சொல்லுங்கள். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் "ள்" போட்டால் அது தனி இரைச்சல்.

அறிகுறி: அர்த்தம் தலைகீழாகிறது, அல்லது வாக்கியம் பிய்ந்து தொங்குகிறது

தமிழில் மறுப்பு வினையின் வாலில்தான் இருக்கிறது. "போகாதே" என்று ஒரு குரல் பாட, அதன் "காதே"வின்மேல் இன்னொரு குரலின் கனமான எழுத்து விழுந்தால், கேட்பவருக்கு மிஞ்சுவது "போ". "வரவில்லை" என்பதில் "வர" மட்டும் காதில் நிற்கும். ரவுண்டுக்கான வரிகளில் மறுப்பைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்கவே முடியாது என்றால், மற்ற வரிகள் சும்மா இருக்கும் எண்ணிக்கையில் அந்த வாலை வையுங்கள். நம் பாட்டில் அப்படிப்பட்ட இடம் எண் 8.

இரண்டாவது சிக்கல், வாக்கியம் வரி தாண்டி ஓடுவது. "மலையின் பின்னால் மறைந்திருந்த" என்று முதல் வரி முடிந்து, "கதிரவன் எழுந்தான்" என்று இரண்டாவது வரி தொடங்கினால் தனிப்பாட்டில் அழகு. ரவுண்டில் அந்தப் பெயரெச்சம் தன் பெயரைத் தேடும் நேரத்தில், அடுத்த குரல் "மலையின் பின்னால்" என்று மறுபடி ஆரம்பித்திருக்கும். வினை கடைசியில் வருகிற மொழியில் இது கடுமையாகவே தாக்கும். ஒவ்வொரு வரியும் தனக்குள் முடிகிற வாக்கியமாக இருக்கட்டும். ஏவல் வினைகள் இதற்கு நன்றாக உதவுகின்றன: வா, கேள், பார்.

கதை சொல்கிற பாட்டையும் ரவுண்டாக்க முயலாதீர்கள். முதலில் நடந்தது, அப்புறம் நடந்தது, கடைசியில் நடந்தது மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஒரே காட்சியை மூன்று பக்கமிருந்து பார்க்கிற வரிகள்தான் அடுக்கத் தோதானவை. விடியலைக் கூப்பிடுவது, குயிலைக் கேட்பது, துளி மின்னும் இலையைப் பார்ப்பது, இவற்றில் எது முதலில் வந்தாலும் பொருள் கெடுவதில்லை.

சோதிக்க ஒரு வழி: மூன்று குரலையும் கைபேசியில் பதிந்து, பாட்டு தெரியாத ஒருவரிடம் நடுப்பகுதியை மட்டும் போட்டுக் காட்டி, காதில் விழுந்த சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

அறிகுறி: பெண்கள் மட்டும் பாடினால் சரி, ஆண்கள் சேர்ந்தால் அடித்தளம் ஆடுகிறது

தாளில் ஒரு பிழையும் இருக்காது. இருந்தாலும் சில சுற்றுகளில் பாட்டு உட்காராமல் மிதக்கும், அடுத்த சுற்றில் சரியாகும், மறுபடி மிதக்கும். எழுதியவரைப் பைத்தியமாக்கும் பழுது இது.

காரணம் ஸ்தாயி. ஒரே ஸ்தாயியில் மூவரும் பாடினால் அடியில் ஒலிப்பது எப்போதும் வரி 1-தான். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடும்போது, அவர்கள் எந்த வரியில் இருக்கிறார்களோ அது அடித்தளமாகிவிடும். மூன்றாவது வரி ஆண்களிடம் வரும்போது அடியில் ப, த, ப, ப ஒலிக்கும். ஸ-வின்மேல் ப நின்றால் கட்டடம் உறுதி. ப-வின்மேல் ஸ நின்றால் அது எங்கோ போக வேண்டும் என்ற உணர்வு வரும். பாட்டு தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் அந்த உணர்வு இருக்கக் கூடாது.

ஆகவே மூன்றாவது வரியின் முதல், கடைசி ஸ்வரங்களிலிருந்து ப-வை எடுத்துவிடுகிறேன். "இலை" மேல் ஸ-வில், "நுனி" த-வில், "மின்னுது" ப-வில், "பார்" மறுபடி மேல் ஸ-வில். இனி ஆண்கள் இந்த வரியைப் பாடினால் அடியில் ஸ, த, ப, ஸ. எங்கேயும் ஆட்டமில்லை. முழுக் கூட்டு இரண்டு இடத்தில் ஸ–க என்று மெலிந்துவிட்டது, அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது வரி ஆண்களிடம் போகும்போது எண் 5-ல் ரி அடியில் வரும், மேலே ப இருக்கும். அதுவும் உறுதியான அடுக்கு அல்ல. ஆனால் ம, ரி, க என்று இறங்கித் திரும்புகிற வழியில் கடந்துபோகிற இடம் அது, காதில் தங்குவதில்லை. நடுவில் ஆடலாம், ஓரங்களில் ஆடக் கூடாது.

"மின்னுது"வுக்கு ப-வுக்குப் பதில் நி போட்டால் மேல் ஸ-வுக்கு இன்னும் வழுவழுப்பாகப் போகலாமே என்று தோன்றும். போட்டால், முதல் வரியில் கீழ் நி ஸ-வுக்கு ஏற, மூன்றாவது வரியில் மேல் நி மேல் ஸ-வுக்கு ஏறும். இரண்டு வரிகள் ஒரே அடியை எடுத்து வைத்தால் காதுக்கு அவை ஒரே குரல். மூன்று பேர் பாடுகிறார்கள், இரண்டு குரல்தான் காதில் விழுகிறது என்ற அறிகுறி எங்காவது வந்தால் இந்த மாதிரி இணைநடையைத் தேடுங்கள்.

இந்தத் திருத்தத்தால் பாட்டின் வீச்சு கீழ் நி-யிலிருந்து மேல் ஸ வரை ஆகிவிட்டது. எல்லோருக்கும் எட்டும் வீச்சுதான், ஆதார ஸ-வை மட்டும் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது வரியின் மேல் ஸ-விலிருந்து முதல் வரியின் ஸ-வுக்கு ஒரு ஸ்தாயி குதித்து இறங்க வேண்டும். எண் 8-ல் மூச்சு இடைவெளி இருப்பதால் அது சிரமமாகத் தெரியாது.

இப்போது பாட்டு இப்படி நிற்கிறது. கோடு என்றால் அந்த எண்ணிக்கையில் மௌனம்:

வரி 1: கா (2) லை (2) யே (2) வா –
ஸ (2) ஸ (2) நி (2) ஸ –

வரி 2: கூ வும் கு யில் கு ரல் – கேள்
க க ம ம ரி ரி – க

வரி 3: – இலை நுனி – மின் னுது பார் –
– மேல் ஸஸ தத – ப பப மேல் ஸ –

அறிகுறி: எல்லாம் சரியாக எழுதியும் ஒருநாள் மட்டும் இடிக்கிறது

யாரோ தவறான இடத்தில் நுழைந்திருக்கிறார்கள். 8 எண்ணிக்கைக்கு எழுதிய அடுக்கில் ஒருவர் 4 எண்ணிக்கையிலேயே நுழைந்தால், முதல் குரலின் "யே" நி-யில் இருக்கும்போது இரண்டாம் குரலின் "கா" ஸ-வில் விழும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரம், இரண்டும் நீளமானவை. சீக்கிரம் நுழைந்தால் சுறுசுறுப்பாக இருக்கும் என்று பாதியில் யோசனை சொல்வார்கள். அது வேறொரு பாட்டு, அதற்கு அடுக்கை முதலிலிருந்து எழுத வேண்டும்.

நுழையும் இடத்தை எழுத்திலேயே குறித்துவிடுங்கள். இது மிகப் பழைய பழக்கம். இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிற ஒரு ரவுண்டுச் சுவடியில் அடுத்த குரல் எங்கே நுழைய வேண்டும் என்பதற்குச் சிலுவைக் குறி போட்டிருக்கிறது. பாடும் முறையையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாலாவது ஆளைச் சேர்த்ததும் ஒரு வரி மட்டும் திடீரென்று ஓங்கி ஒலித்தால் பழுது என்று நினைக்காதீர்கள். மூன்று வரிப் பாட்டில் நாலாமவர் நுழையும்போது முதலாமவரும் முதல் வரிக்குத் திரும்பியிருப்பார், இருவரும் ஒன்றையே பாடுகிறார்கள். அது வேண்டாமென்றால் நாலாவது வரி எழுதுங்கள், அல்லது அவரை ஏதாவது ஒரு குரலோடு தொடக்கத்திலிருந்தே சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: முடிவு பிசுபிசுத்துப் போகிறது

தொடக்கத்தில் வரி 1 தனியாகவும், பிறகு 1-உம் 2-உம் சேர்ந்தும் ஒலிக்கும். ஆளுக்கு இத்தனை சுற்று என்று வைத்து ஒவ்வொருவராக நிறுத்தினால், கடைசியில் 2-உம் 3-உம் சேர்ந்தும், அப்புறம் 3 மட்டும் தனியாகவும் ஒலிக்கும். இந்த 2–3 ஜோடியை யாரும் தனியாகச் சோதிப்பதில்லை. நம் பாட்டில் அது க–ஸ, ம–த, ரி–ப, பிறகு மேல் ஸ, அதைத் தொடர்ந்து க. ரி–ப மட்டும் அடியில்லாமல் கொஞ்சம் வெறுமையாக ஒலிக்கும், மற்றவை நன்றாகவே இருக்கின்றன. கடைசியில் தனியாக மிஞ்சும் மூன்றாவது வரி மேல் ஸ-வில் முடிவதால் தொங்கலாக நிற்காது. பழைய ப-வில் முடிந்திருந்தால் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தியது போல இருந்திருக்கும்.

இப்படி உதிர்ந்து முடிவது பிடிக்கவில்லை என்றால், மூவரும் முழுதாகச் சேர்ந்து ஒலிக்கிற ஒரு சுற்றின் முடிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்கலாம். அப்போது மட்டும் "வா"வும் "பார்"உம் 7-லிருந்து விடாமல் நீளட்டும், 8-ல் "கேள்" வந்து க-வை வைக்கட்டும். எந்தச் சுற்றில் நிற்பது என்று முன்கூட்டியே ஒருவர் கை தூக்கிக் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பை வரி 3 பாடுகிறவரிடம் கொடுங்கள், முதல் எண்ணிக்கையில் வாய் சும்மா இருப்பது அவருக்குத்தான்.